கடினமான சொல் எழுதினால் கைப்பேசி எழுதியதா?

அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு பேசினால் இப்போது அடிக்கடி காதில் விழும் புகார் இது: "எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நிலைத்தன்மை', 'ஒருங்கிணைந்த மேலாண்மை' என்றெல்லாம் எழுதுகிறது. இது அதன் தமிழா? சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது." ஆசிரியரின் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், தலைப்பைச் சொன்னதும் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

"உன் வகுப்புக்கு மேலான தமிழ் இது" என்ற குற்றச்சாட்டு எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அதே சொற்களை ஊரில் படித்த குடும்பத்துப் பையன் எழுதினால், "வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், அதான்" என்பார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாயின் மகள், தெற்குத் தெருப் பிள்ளை எழுதினால், "யார் எழுதிக் கொடுத்தது?" என்பார்கள். கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இருக்கும் கேள்வி இது. அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் மேடைகளில் பேசியபோது, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று கேட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் 1845இல் அவர் தன் வரலாற்றைப் பெயர், இடம் குறிப்பிட்டு எழுதி வெளியிட வேண்டியிருந்தது.

அப்படியானால் கடினமான சொல்லுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. அது கேள்வி கேட்கக் காரணமாகலாம். தண்டிக்க ஆதாரமாகாது.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இது எந்தப் பள்ளியிலும் நடந்த சம்பவமல்ல; நம் பக்கத்தில் நடக்கக்கூடிய ஒன்றை விளக்கத்துக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்பு மாணவி 'எங்கள் ஊர்க் கண்மாய்' என்று எழுதுகிறாள். நடுவில் ஒரு வரி: "சீமைக்கருவேல மரங்களின் ஆதிக்கம் நிலத்தடி நீர்வளத்தின் நிலைத்தன்மைக்குப் பெரும் அச்சுறுத்தலாக விளங்குகிறது, சமூகப் பங்கேற்புடன் கூடிய ஒருங்கிணைந்த மேலாண்மையே இதற்குத் தீர்வு." அடுத்த வரி: "எங்க தெருவுக்கு தண்ணி கடைசியாதான் வரும்." ஆசிரியர் முதல் வரியில் மூன்று சொற்களை வட்டமிடுகிறார்.

அந்தச் சொற்கள் அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கலாம் என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். நம் தமிழ்ப் பாடநூல்களிலேயே 'கலைச்சொல் அறிவோம்' என்று பட்டியல் இருக்கிறது. அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் இப்படிப்பட்ட சொற்களால் நிறைந்தவை. கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலைக்கு நட்ட பலகையில் 'மேலாண்மை' என்ற சொல் இருக்கலாம். வானொலியில் வேளாண் நிகழ்ச்சி கேட்கும் தாத்தா வீட்டில் இருக்கலாம். தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்கு விவிலியத் தமிழ் வாயிலேயே இருக்கும்; 'கிருபை', 'உன்னதம்' என்பதெல்லாம் அதற்குச் சாதாரணச் சொற்கள். அம்பேத்கர் படிப்பகத்தில் மாலையில் உட்காரும் பிள்ளை 'சமத்துவம்', 'பிரதிநிதித்துவம்' என்று எழுதினால் யாரும் வியக்க வேண்டியதில்லை. பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த பிள்ளையின் கட்டுரையில் 'ஞாலம்', 'அவனி', 'இயம்பினார்' எல்லாம் வரும். நோட்ஸ் புத்தகம் படித்ததும் அப்படியே.

கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். மேடைத் தமிழும் நோட்ஸ் தமிழும் பழைய சொற்களால் கனத்தவை. இயந்திரம் தரும் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தை உள்ளே வைத்துக்கொண்டு எழுதிய அலுவலகத் தமிழ்: 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'சவால்களை எதிர்கொள்கிறது', 'வெறும் நீர்நிலை மட்டுமல்ல, அது ஒரு...' என்று போகும். பத்திகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். ஊர்ப்பெயர், ஆள், ஆண்டு எதுவும் இருக்காது. ஆனால் இதையும் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அரசாணைகளும், செய்தித்தாள்களும், ஏன் பாடநூல்களும்கூட இதே தமிழைத்தான் இப்போது எழுதுகின்றன. 'மானாவாரி', 'ஊரணி' போன்ற கரிசல் சொற்கள் கட்டுரையில் இல்லையே என்று சந்தேகப்படுவதிலும் பொருளில்லை. வட்டாரச் சொல்லை எழுதாதே, பொதுத்தமிழில் எழுது என்று சிவப்பு மையால் திருத்தியவர்கள் நாம்தான். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அந்தச் சொற்களைக் கட்டுரை நோட்டில் எழுதினால் இன்றும் மதிப்பெண் குறைகிறது.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு, நடை மாறும் இடத்தைப் பார்ப்பது நல்லது. நம் மாணவியின் கட்டுரையில் முதல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு ஒட்டு தெரிகிறது. அங்கே ஏதோ வெளியிலிருந்து வந்திருக்கிறது. அது பாடநூலா, பலகையா, கல்லூரி படிக்கும் அக்காவா, கைப்பேசியா என்பதை ஒட்டு சொல்லாது. அவளைக் கேட்டால்தான் தெரியும்.

"அதற்குத்தான் கண்டுபிடிக்கும் செயலி இருக்கிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட ஏழு செயலிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. செயலிகள் சராசரியாக அவற்றில் 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகக் குறைவு. காரணம் கவனிக்கத்தக்கது: எளிய, பழகிய சொற்களையே திரும்பத் திரும்ப எழுதுபவரைச் செயலி இயந்திரம் என்று நினைக்கிறது. அதே கட்டுரைகளில் கடினமான சொற்களைப் புகுத்தியபோது தவறான குற்றச்சாட்டு பெரிதும் குறைந்தது. அதாவது, ஆசிரியர் கடினச் சொல்லைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார். செயலி எளிய சொல்லைப் பார்த்துச் சந்தேகப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளை எப்படி எழுதினாலும் மாட்டிக்கொள்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்துச் செய்தவை. தமிழில் அவை சொல்லும் விழுக்காட்டை நம்பி ஒரு பிள்ளையை நிறுத்துவது கிளி ஜோசியம் பார்ப்பதற்குச் சமம்.

2024இல் ஹரியானாவின் ஜிண்டால் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை மாணவர் ஒருவரின் விடைத்தாளில் 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று தோல்வி போட்டார்கள். அவர் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றுத் தேர்ச்சி என்று சான்று கொடுத்தது. அவர் சட்டம் படித்தவர், போனார். எட்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே போகும்? பள்ளிக்கு வராமல் நின்றுவிடும்.

எனவே கேட்கும் முறை முக்கியம். சந்தேகப்படுவதற்கு முன் பெயரை மறைத்துவிட்டு எல்லாக் கட்டுரைகளையும் ஒருமுறை படிக்கலாம். பெயர் தெரியாதபோதும் அதே கட்டுரை உறுத்துகிறதா என்று ஆசிரியர் தன்னையே சோதித்துக்கொள்ள அது வழி. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றது. ஏடு திருத்தும் கைக்கும் அந்த விதி பொருந்தும்.

அடுத்து, அந்தப் பிள்ளையை அதன் வகுப்போடு ஒப்பிடாமல், அதே பிள்ளை வகுப்பறையில் உட்கார்ந்து எழுதிய பழைய பக்கங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு போதாது, நாலைந்தாவது வேண்டும். தேர்வுத்தாளில் சொற்கள் எளிமையாகத்தான் இருக்கும்; நேரம் குறைவு, பயம் அதிகம். சொல்லை விட்டு, பிள்ளை எதைக் கவனிக்கிறது, எப்படி வரிசைப்படுத்துகிறது, எந்த எழுத்துப்பிழையைத் திரும்பச் செய்கிறது என்று பார்க்கலாம்.

பிறகு தனியாக ஒரு பத்து நிமிடம் பேச்சு. வகுப்பின் முன்னால் கூடாது. நம் ஊர்களில் வகுப்பில் விழுந்த பழி சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிடும். "யார் எழுதினது?" என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "ஏம்மா, இந்த வரி நல்லா இருக்கு. 'நிலைத்தன்மை'ன்னா நம்ம கண்மாய்க்கு என்ன?" என்று கேட்கலாம். "கோடையிலயும் வத்தாம இருக்கது டீச்சர்" என்று அவள் பேச்சுவழக்கில் சொன்னால் அந்தச் சொல் அவளுடையதாகிவிட்டது. எங்கிருந்து எடுத்திருந்தாலும் சரி. அதே சொல்லை வைத்து வேறொரு வரி எழுதச் சொல்லலாம். அவள் எழுதிய பத்தியில் ஐந்துக்கு ஒரு சொல்லை அழித்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறையும் உண்டு. தன் எழுத்தைத் தானே நிரப்புவது பெரும்பாலும் எளிது. ஆனால் மனப்பாடம் செய்தவளும் நிரப்பிவிடுவாள், பயந்தவள் தான் எழுதியதையே மறந்துவிடுவாள். ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. கேட்டதையும் சொன்னதையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

இதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் சீட்டு போட்டு ஐந்து பேரை எடுத்து, தங்கள் கட்டுரையைப் பற்றி மூன்று நிமிடம் பேசச் சொல்லலாம். தலைமையாசிரியர் மகன் சீட்டும் அதில் இருக்க வேண்டும். விசாரணை என்ற பேரே இல்லாமல் போய்விடும்.

கைப்பேசியில் எடுத்தேன் என்று பிள்ளை ஒப்புக்கொண்டால்? அந்த இரண்டு வரியை மட்டும் அடித்துவிட்டு, உன் வாயால் சொன்னதை எழுது என்று அதே வாரம் மறுபடி எழுத வைக்கலாம். சுழியம் போடுவதும், வேலைநாளில் தாயை வரவழைத்து அவர் ஒருநாள் கூலியை இழக்கச் செய்வதும் அந்தக் குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை. நம் மாணவியின் கட்டுரையில் ஆசிரியர் வட்டமிடாத ஒரு வரி இருக்கிறது, தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வரும் என்பது. அது எப்படி, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம்.