பிழையும் வழக்கும்: விரைவுப் பதிவுகளைத் திருத்தும் முறை குறித்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னைகளையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தது. அந்நாள்களில் கைப்பேசிவழி உதவி கேட்டு எழுதப்பட்டவை பெரும்பாலும் விரைவில் எழுந்தவை; பேச்சு நடையில் அமைந்தவை. இத்தகைய பதிவைத் திருத்துவோர் எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்பதே இங்கு எழும் வினா. வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் எழுதியிருக்கக்கூடியதாக ஒரு பதிவை எடுத்துக்காட்டுக்கென அமைத்துக்கொள்வோம்:

“வல்லத்திராகோட்டை பக்கம் மூனு நாளா கரண்டு இல்ல. தென்னை மரங்கள் வேறோட சாஞ்சு கிடக்குது. வயசானவங்க மறுந்துக்கு அலையுறாங்க. தார்பாய் யாராவது கொண்டு வரனும். வண்டியை தெற்கு பக்கமா விடுங்க.”

பயின்ற திருத்துநர் பலர் இதனைப் பின்வருமாறு மாற்றக்கூடும்: “வல்லத்திராக்கோட்டைப் பகுதியில் மூன்று தினங்களாக மின்சாரம் தடைபட்டுள்ளது. தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்துள்ளன. முதியோருக்கு மருந்துகள் தேவைப்படுகின்றன.” இதில் பிழை ஏதுமில்லை. ஆயினும் மருந்துக்கு ‘அலைகிற’ மனிதர் மறைந்து, ‘தேவை’ என்னும் கருத்து மட்டும் எஞ்சுகிறது. எழுதியவர் அவ்வூரில் நின்று பேசுகிறார் என்பதும் மறைகிறது. திருத்தம் பிழையை நீக்கியதோடு நில்லாமல், சொல்லப்பட்ட செய்தியையும் குறைத்துவிட்டது.

இதற்குக் காரணம், வெவ்வேறான இரண்டை ஒன்றாகக் கொண்டமையே. ‘வேறோட’, ‘மறுந்து’ என்பன எழுத்துப்பிழைகள். ‘வேறு’ வேறு பொருள் தரும் சொல். ‘நாளா’, ‘சாஞ்சு’, ‘அலையுறாங்க’ என்பன பிழைகள் அல்ல. பேச்சு வழக்கின் ஒழுங்கான வடிவங்கள். நம் இலக்கண மரபே மரூஉவை இயல்பு வழக்கினுள் அடக்கியது. வழுவிலிருந்து வழுவமைதியைப் பிரித்தறிந்தது. புதுக்கோட்டையைப் ‘புதுகை’ என எழுதுவதை எவரும் பிழை என்பதில்லை.

பேச்சு வடிவத்திற்கும் எழுத்தொழுங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘வரனும்’ என்பதை ‘வரவேண்டும்’ என உயர்த்த வேண்டியதில்லை. ‘வரணும்’ எனத் திருத்தினால் போதும். அதன் மூலம் ‘வேண்டும்’ என்பதாகலின் அங்குள்ள ணகரம் நிலைக்கிறது. ‘மூனு’ என்பதும் ஒலிப்புக்கேற்ப ‘மூணு’ ஆகும். ஒற்றுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ‘தார்ப்பாய்’, ‘வண்டியைத் தெற்குப் பக்கமா’ என்னுமிடங்களில் வல்லொற்று பேச்சிலும் காதில் விழுகிறது. எழுதினால் நடை இறுகாது. மாறாக ‘வந்துக் கொண்டு’ என மிகையாக ஒற்றிடுவது விதிக்கும் செவிக்கும் ஒவ்வாது. ‘எடுத்துக்கொண்டு’ என்பதில் மிகும் வல்லினம், மென்றொடராகிய ‘வந்து’ என்பதன் பின் மிகாது.

சற்று நின்று எண்ண வேண்டிய இடம் ‘மரங்கள் கிடக்குது’ என்பது. ‘கள்’ எழுத்து வழக்கினது. வினையோ பேச்சு வழக்கினது. பேச்சில் அஃறிணைப் பன்மைக்கெனத் தனி வினைமுற்று பெரும்பாலும் வழங்குவதில்லை. ‘கிடக்கின்றன’ என வினையை உயர்த்தினால் அவ்வொரு வாக்கியம் மட்டும் மற்றவற்றினின்று விலகி நிற்கும். பிறகு அனைத்தையும் உயர்த்த நேரும். பெயரை ‘மரமெல்லாம்’ எனத் தாழ்த்தினால் முரண் அங்கேயே தீர்கிறது. ‘மரம்’ போன்ற பால்பகா அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாதலின், இத்திருத்தத்திற்கு மரபின் துணையும் உண்டு. இவ்வாறு திருத்திய வடிவம்:

“வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மூணு நாளா கரண்டு இல்ல. தென்னை மரமெல்லாம் வேரோட சாஞ்சு கிடக்குது. வயசானவங்க மருந்துக்கு அலையுறாங்க. தார்ப்பாய் யாராவது கொண்டு வரணும். வண்டியைத் தெற்குப் பக்கமா விடுங்க.”

சொல் என்ற அளவில் மாறியது ‘மரங்கள்’ ஒன்றே. ஏனையவை எழுத்தளவான மாற்றங்கள். எழுதியவரே இதை வாய்விட்டுப் படித்தால் தம் பேச்சு என்றே கொள்வார். அதுவே இத்திருத்தத்திற்குரிய சோதனை.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. இதே செய்தி மாவட்ட ஆட்சியருக்குரிய விண்ணப்பமாகும்போது எழுத்து வழக்கே தகும். அப்போது செய்வது பிழைதிருத்தம் அன்று, நடைமாற்றம். மேலும் திசை, ஊர், எண் ஆகியவற்றில் ஐயம் எழுமாயின் திருத்துநர் ஊகிக்கலாகாது. எழுதியவரைக் கேட்டறிவதே கடன். ‘தெற்கு’ என்பது தவறாயின் எந்த இலக்கண விதியும் அதனைக் காட்டாது, வண்டிதான் வழிதவறும்.

தமிழ்த்துறைகளின் பிழைதிருத்தப் பயிற்சிகளில், சிவப்பு மையால் கோடிடும் மாணவர் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ‘பிழை’ அல்லது ‘வழக்கு’ என ஒரு சொல் எழுதுமாறு பணித்தல் நன்று என்பது என் கருத்து. பிழையென எழுதியதற்கு விதியைக் காட்டட்டும். காட்ட இயலாத இடத்தில் கோட்டை அழிக்கட்டும்.