டொலர் ஏறினால் ஆடைத் தொழிற்சாலை பிழைத்துவிடுமா?

2025 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என ட்ரம்ப் அறிவித்தபோது, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் இயந்திரங்களுக்கு முன்னால் இருக்கும் பெண்களின் வேலை குறித்த அச்சம் எழுந்தது. எமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்கே போகிறது. ஜூலையில் அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 வீதத்தில் நின்றது. கொழும்பு பெருமூச்சு விட்டது.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. கொள்வனவாளர் பார்ப்பது எமது வரியை மட்டுமல்ல, போட்டி நாடுகளின் வரியையும்தான். பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது அதே 20 வீதம். இந்தியாவுக்கோ ஓகஸ்ட் இறுதியில் 50. ஆகவே வரிசையில் எமது இடம் பறிபோகவில்லை. ஆனால் புதிய வரி பழைய வரிக்கு மேலே வந்தது. பருத்தி ரீசேட்டுக்கு ஏற்கெனவே 16.5 வீதம் இருந்தது, 2025 ஓகஸ்டில் மொத்தம் 36.5 ஆனது.

"ரூபா இறங்கினால் ஏற்றுமதியாளருக்கு இலாபம்தானே, அது வரியை ஈடுசெய்யாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்கு மட்டுமே.

ஒரு ரீசேட்டின் ஏற்றுமதி விலை 5 டொலர். அதில் 3 டொலர், இறக்குமதியாகும் துணிக்கும் நூலுக்கும் போகிறது. மிஞ்சும் 2 டொலரில்தான் சம்பளம், மின்சாரம், இலாபம் எல்லாம். டொலர் 300 ரூபா என்றால் அது 600 ரூபா. 20 வீத வரி ஒரு டொலர். பாதியை நீங்கள் சுமக்க வேண்டும் என்று கொள்வனவாளர் சொன்னால் விலை 4.50 ஆகிறது. துணிக்காரருக்கு அதே 3 டொலர் கொடுத்தாக வேண்டும். மிச்சம் 1.50 டொலர், அதாவது 450 ரூபா.

பழைய 600 ரூபா திரும்பக் கிடைக்க டொலர் 400 ரூபாவாக வேண்டும். பத்து வீத விலைக்குறைப்பைச் சரிக்கட்ட, டொலரின் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறவேண்டும். அப்படி ஏறினால் பருப்பும் பெற்றோலும் என்ன விலைக்குப் போகும் என்பது 2022ஐக் கடந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் தொகை மாறாது. அதைக் கொண்டு வாங்கக்கூடியதுதான் குறையும். உண்மையில் வரியைச் செலுத்துவது அந்தப் பெண்தான்.

இதில் ஒப்பீட்டு அனுகூலம் எங்கே வருகிறது? ஒரு வேலைக்காக வேறு எதைக் கைவிடுகிறோம் என்பதே அந்தக் கோட்பாட்டின் அளவுகோல். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் வன்னிப் பெண் தையலுக்காகக் கைவிடுவது, பெரும்பாலும் நிச்சயமில்லாத நாட்கூலியை. கைவிடுவது சொற்பம் என்பதாலேயே உழைப்பு மலிவு. ஏட்டில் அனுகூலம் என எழுதப்படுவது இங்கே வேறு வேலை இல்லாமையின் மறுபெயர். விலையைக் குறைக்கச் சொல்லும்போது, அவள் வேறிடம் போகமாட்டாள் என்பது கொள்வனவாளருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

துணியை இங்கேயே நெய்தால் 3 டொலரில் ஒரு பகுதி நாட்டில் தங்கும். அதற்கு முதலீடும் தண்ணீரும் சாயக்கழிவுச் சுத்திகரிப்பும் வேண்டும். நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தில் சாய ஆலையை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.