இரண்டாவது கனத்த பொதி எது?

உருவத்தில் ஒத்தனவும் நிறையில் வேறுபட்டனவுமான எட்டுப் பொதிகள் இருக்கின்றன. தராசு உண்டு, படிக்கற்கள் இல்லை. கனத்தில் இரண்டாவதான பொதியை ஆகக் குறைந்த நிறுவைகளிற் காண்பதெப்படி?

பொதிகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ எனப் பெயரிட்டு, பந்தயம்போற் சோடி சோடியாக நிறுப்போம். முதற் சுற்றில் ஆ, இ, உ, ஏ என்பன கனத்தன. அடுத்ததில் ஆ, இயையும், ஏ, உவையும் வென்றன. இறுதியில் ஆ, ஏயை வென்றது. ஏழு நிறுவைகளில் ஆவே மிகக் கனத்ததெனத் தெரிந்தது.

உடனே, "இறுதியில் தோற்ற ஏதான் இரண்டாவது" என்பீர்கள். அவசரப்படாதீர்கள், வாசகர்களே! இரண்டாவது பொதி முதற் சுற்றிலேயே ஆவிடம் அகப்பட்டிருக்கலாமே. பொதிகளைக் கண்டபடி சோடி சேர்த்தால், இத்தீர்ப்பு ஏழில் மூன்று தடவை பிழைக்கும். டென்னிஸ் பந்தயங்களில் இரண்டாம் பரிசு இவ்வாறு தவறானவருக்குப் போவதை, லூயிஸ் கரோல் என்ற புனைபெயருடைய கணித ஆசிரியர் டொட்ஜ்சன் 1883இல் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது பொதியை வெல்லக்கூடியது முதலாவது மட்டுமே. ஆகவே ஆவிடம் நேரே தோற்ற அ, இ, ஏ ஆகிய மூன்றையும் ஆராய்ந்தாற் போதும். யார் யாரிடம் தோற்றார் என்பதைக் குறித்து வைத்திருக்கவேண்டும், அவ்வளவே. அவையும் இயும் நிறுத்தோம், அ கனத்தது. பின் அவையும் ஏயும். அங்கும் அவே கனத்தது. முதற் சுற்றில் வீழ்ந்த அவே விடை!

மொத்தம் ஒன்பது நிறுவைகள். மிகுதி ஏழு பொதிகளையும் புதிதாகப் போட்டிக்கு விட்டிருந்தால் பதின்மூன்று ஆகியிருக்கும். எட்டே நிறுவைகளில் எப்போதும் விடை காணும் வழி எதுவுமில்லை. ருஷ்யக் கணிதர் கிஸ்லிட்சின் 1964இல் வெளியிட்ட நிரூபணம் இதனை உறுதிசெய்கிறது.