மன்னாரில் யாருக்கு முதலில்? உளநலத் திட்டமும் ஒரு சீட்டுக் குலுக்கலும்

2016இல் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, போரால் இடம்பெயர்ந்த மக்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆண், பெண் இருபாலாரிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் ஏதோவொரு உளநலப் பாதிப்பு காணப்பட்டது. ஆனால் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றப் பயிற்சி பெற்றவர்களை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்ப முடியாது. அப்படியானால் யார் காத்திருப்பது?

இதற்கு ‘ஸ்டெப்ட் வெட்ஜ்’ என்றொரு வழி உண்டு. 1980களில் காம்பியாவில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இப்படித்தான் அறிமுகமானது. நாடு முழுவதற்கும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாததால் தடுப்பூசிக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின, எந்தக் குழு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கடைசியில் எல்லோருக்கும் கிடைத்தது.

மன்னாருக்கு இதை எப்படிப் பொருத்துவது? மாவட்டத்தை ஓர் அலகாக எடுத்தால் மாகாணத்தில் ஐந்தே அலகுகள்தான், ஒப்பிட அது போதாது. பிரதேச செயலகப் பிரிவுகளை எடுத்தால் 34 வரும். மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மடு, மாந்தை மேற்கு ஆகிய ஐந்தும் சீட்டுக் குலுக்கி அலைக்கு ஒன்றாகப் பிரியும். மற்ற மாவட்டங்களின் பிரிவுகளும் அவ்வாறே. நான்கு மாதத்துக்கு ஓர் அலை என்றும், முதல் நான்கு மாதம் எங்கும் திட்டமில்லாத காலம் என்றும் வைத்தால், இரண்டு வருடத்தில் ஐந்து அலைகளும் முடியும். ஒவ்வொரு நான்கு மாதமும் எல்லாப் பிரிவுகளிலும் அளவீடு நடக்க வேண்டும்.

இங்கே பெரிய பொறி காலம்தான். திட்டம் பிந்திப் பிந்திப் பரவுவதால், ‘திட்டம் வந்த பின்’ என்ற பகுதி முழுவதும் பிந்திய மாதங்களிலேயே குவிகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது மீனவக் குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்று எங்களுக்குத் தெரியும். அப்படியொரு வருடத்தில் முன்–பின் மட்டும் பார்த்தால், நல்ல திட்டமும் மக்களை மோசமாக்கியதாகத் தெரியும். அதே மாதத்தில் திட்டம் வந்த முசலியையும் இன்னும் வராத மடுவையும் ஒப்பிடுவதே இதற்கு மருந்து. அளவீட்டைக் கணக்கிடும்போது காலத்தையும் சேர்த்தாக வேண்டும், அதை விட்ட அறிக்கையை நம்பாதீர்கள்.

எதை அளப்பது என்பது அடுத்தது. பயிற்சி பெற்ற வைத்தியர் மன அழுத்தத்தை அதிகமாகக் கண்டுபிடிப்பார். பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால் நோய் கூடியதா, கண் திறந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே, எந்தப் பிரிவில் திட்டம் தொடங்கியது என்று அறியாதவர்கள் வீடுகளில் கேள்விக்கொத்து கேட்க வேண்டும்.

வருடாந்த இடமாற்றமும் குழப்பும். நானாட்டானில் பயிற்சி பெற்ற வைத்தியர் இன்னும் காத்திருக்கும் மாந்தை மேற்குக்குப் போனால் இரு பிரிவுகளுக்குமிடையிலான வித்தியாசம் மங்கிவிடும். யார் எங்கே எப்போது மாறினார் என்ற குறிப்பாவது வேண்டும்.

குலுக்கலைப் பிரதேச செயலாளர்கள் முன்னிலையில், பகிரங்கமாகச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் செல்வாக்குள்ளவரின் பிரிவு எப்போதும் முதல் அலையில்தான் வரும். காத்திருக்கும் பிரிவில் தற்கொலை எண்ணத்துடன் ஒருவர் கண்டறியப்பட்டால், அவரது முறை வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே எல்லாப் பிரிவுகளிலும் இருக்க வேண்டும்.