மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம்



ஆடி பிறந்தால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிய களைப்பு தீர்ந்திருக்காது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் வரத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளியில்தான் வீடுகளில் பணப்பேச்சு சண்டையாக மாறுகிறது. இந்த மாதம் மதுரையிலிருந்து ஒரு வாசகி, தன் கணவருக்கு எழுதிய கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறார். ஒரே வீட்டில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டேன். “பேச ஆரம்பிச்சா மூணாவது வாக்கியத்துல எங்க அம்மா வீடு வந்துடுது சார். எழுதினா வராது” என்றார். அவரும் கணவரும் சம்மதித்ததால் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

*

என்னங்க,

இதை நீங்க கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்த பிறகு படிக்கணும். பசியோட படிக்க வேண்டாம்.

போன வாரம் சிலிண்டர் புக் பண்ண உங்க போனைக் கொடுத்தீங்க. அப்போ கார்டு மெசேஜ் ஒண்ணு வந்தது. நான் தேடிப் பார்க்கலை, கண் முன்னாடி வந்தது. பாக்கி 38,000, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,900. ஜூன்ல பிள்ளைங்க ஃபீஸை எப்படிக் கட்டினீங்கன்னு நான் கேட்கவே இல்லையேன்னு அப்பத்தான் உறைச்சது. என்கிட்ட சொன்னா கவலைப்படுவேன்னு சொல்லாம இருந்திருப்பீங்க. அதுல எனக்குக் கோபம் இல்லை.

ஏன்னா நானும் ஒண்ணு சொல்லாமத்தான் இருந்தேன். தையல் காசுல மாசம் 3,000 பேங்க்ல ஆர்.டி. கட்டிட்டு வரேன். இப்போ 41,000 சேர்ந்திருக்கு. பவர் மெஷின் வாங்கணும்னு ஆசை. சொன்னா ஏதாவது அவசரத்துக்குக் கரைஞ்சிடும்னு பயம்.

அன்னைக்கு ராத்திரி தையல் நோட்டோட பின்பக்கத்துல கணக்குப் போட்டேன். உங்க கார்டுக்கு மாசம் மூன்றரை சதவீதம் வட்டி. 38,000-க்கு 1,330 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 1,569. நீங்க கட்டுற 1,900-ல அசலுக்குப் போறது வெறும் 331 ரூபாய்தான். என் ஆர்.டி.க்கு பேங்க் தர்ற வட்டி ஆறரை சதவீதம், அதுவும் வருஷத்துக்கு. மாசத்துக்குப் பார்த்தா சுமார் 220 ரூபாய். ஒரே வீட்டுல, ஒரே பீரோவுல, நான் 220 ரூபாய் சம்பாதிக்கிறேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருக்கேன், நீங்க 1,569 ரூபாய் குடுத்துட்டு இருக்கீங்க. ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் மறைச்சோம்.

அதனாலதான் கேட்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாமா?

நாள் நானே யோசிச்சு வெச்சிருக்கேன். மாசத்தோட கடைசி ஞாயிறு, காலை டிபன் முடிச்சு பத்தரை மணிக்கு. சம்பளம் ஒண்ணாம் தேதி வருது, அஞ்சாம் தேதிக்குள்ள வண்டி டியூ, சீட்டு எல்லாம் பிடிச்சுடுது. வந்த பிறகு உட்கார்ந்தா போனதைப் பத்தித்தான் பேச முடியும். பிள்ளைங்க அந்த நேரம் டிராயிங் கிளாஸ்ல இருப்பாங்க. போன்ல அரை மணிக்கு அலாரம் வெச்சுடுவோம். அடிச்சா எழுந்துடணும், பாதிப் பேச்சா இருந்தாலும் சரி, மீதி அடுத்த மாசம். நம்ம சண்டையெல்லாம் முதல் அரை மணிக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது, கவனிச்சிருக்கீங்களா?

பேசும்போது ஞாபகத்துல இருந்து பேசக்கூடாது. உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட், கார்டு ஸ்டேட்மெண்ட், என் தையல் நோட்டு மூணும் முன்னாடி இருக்கணும். “யார் செலவு பண்ணா”ன்னு கேட்கக்கூடாது, “எதுக்குப் போச்சு”ன்னு கேட்கலாம். போன வருஷம், கல்யாணம் ஆன புதுசு, உங்க தம்பிக்குக் குடுத்தது, என் அக்காவுக்குக் குடுத்தது, எதுவும் வெளியே வரக்கூடாது.

ரெண்டு பேருக்கும் மாசம் 1,500 தனியா. அதுக்குக் கணக்கு கேட்கவே கூடாது. நீங்க டீக்கடையில குடுங்க, நான் வளையல் வாங்குறேன், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஆனா 3,000-க்கு மேல எதுவா இருந்தாலும், கடனா இருந்தாலும் யாருக்காவது கைமாத்தா இருந்தாலும், முன்னாடியே ஒரு வார்த்தை.

அத்தைக்கு நீங்க ஊருக்கு அனுப்புற 4,000, எங்க அம்மா மாத்திரைக்கு நான் குடுக்குற 1,200, இந்த ரெண்டையும் மாசாமாசம் பேச வேண்டாம். சித்திரையில ஒரு தடவை உட்கார்ந்து முடிவு பண்ணிட்டா அந்த வருஷம் முழுக்க அது வாடகை மாதிரி. பெத்தவங்களுக்குக் குடுக்கிற காசை மாசத்துக்கு ஒரு தடவை தராசுல வெச்சா ரெண்டு பேருக்கும் மனசு விட்டுப் போயிடும்.

முதல் தடவை உட்காரும்போது எதைப் பேசணும்னும் சொல்லிடுறேன். என் ஆர்.டி.யை முடிச்சு கார்டை முழுசா அடைச்சுடலாம். பாதியில முடிச்சா வட்டி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கார்டு பீரோவுக்குள்ள போகட்டும். பாக்கி நிக்கும்போது புதுசா தேய்க்கிறதுக்கும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடுதாம், அந்த அம்பது நாள் சலுகை கிடையாதாம்.

அடைச்சா என்னோட 3,000-மும் உங்களோட 1,900-மும் மாசாமாசம் மிச்சம். 4,900. அதை எங்கே வைக்கிறதுன்னா, இதைத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். நம்ம கஷ்டம் மாசச் செலவுல இல்லைங்க. வாடகை, மளிகை, பால் எல்லாம் உங்க சம்பளம் 38,000, என் தையல் காசு 9,000-க்குள்ள அடங்கிடுது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வர்றதுதான் நம்மளைக் கவிழ்க்குது. எழுதிப் பார்த்தேன். பிள்ளைங்க ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம் 64,000. எல்.ஐ.சி. 14,000. வண்டி இன்சூரன்ஸும் இன்னபிறவும் 6,000. தீபாவளி 24,000. செய்முறை 24,000. மொத்தம் 1,32,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 11,000! இதை நாம எந்த மாசமும் எடுத்து வைக்கிறதில்லை. ஜூன் வந்தா கார்டு, ஐப்பசி வந்தா நகை பேங்க்குக்குப் போகுது.

செய்முறைக்கு 24,000-ங்கிறதை நான் கையால போடலை. மொய் நோட்டை எடுத்து, நமக்கு செஞ்சவங்கள்ல யார் வீட்டுல இந்த ஆவணியிலும் தையிலும் விசேஷம்னு பார்த்துத்தான் போட்டேன். உங்க பெரியப்பா மகன் வீட்டுக்கே நாம 5,001 திருப்பணும். ஆடியில கல்யாணம் கிடையாது, அதனால ஆடி மாச ஞாயிறுதான் அந்த நோட்டைப் பார்க்கச் சரியான நாள்.

4,900 தனிக் கணக்குல போகட்டும். 11,000-க்கு இன்னும் 6,100 வேணும். அது எங்கேயிருந்து வரும்னு எனக்கும் தெரியலை. ஒரே நாள்ல கண்டுபிடிக்கவும் வேண்டாம். ஒரு ஞாயிறுக்கு ஒரு முடிவு போதும், யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ளன்னு நோட்டுல எழுதிட்டு எழுந்துடலாம்.

மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். ஆனா அதையும் நோட்டுல எழுதணும், உங்க கையால.

*

கடிதம் இவ்வளவுதான். கணவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டாராம்: பத்தரை மணி வேண்டாம், கறிக்கடைக்குப் போய் வந்த பிறகு பதினோரு மணி. தான் சட்டென்று ஒப்புக்கொண்டதாக அந்தச் சகோதரி சொன்னார்.

அவர் கணக்கில் நான் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. கார்டு பாக்கியை முழுசாகக் கட்டிய பிறகும், அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் சில நூறு ரூபாய் வட்டி என்று வரும். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. அதைப் பார்த்து “அடைச்சேன்னு சொன்னீங்களே” என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டாம்; கட்டிவிட்டால் நின்றுவிடும். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் சேர்ந்து மறுபடி வளரும். 41,000-ல் 38,000 கார்டுக்குப் போனாலும் 3,000 மிஞ்சுகிறது, ஆனால் அது மிகக் குறைவு. ஒரு காய்ச்சல் வந்தால் கார்டு பீரோவை விட்டு வெளியே வந்துவிடும். அந்த 4,900-ல் முதல் இரண்டு மாதப் பணத்தையாவது மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த அரை மணி நேரம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியிலோ ஆன்லைன் சூதாட்டத்திலோ பணம் போகும் வீட்டில் நோட்டும் பேனாவும் போதாது. அங்கே முதலில் தேவை வேறு உதவி. ஏ.டி.எம். கார்டையே மனைவி கண்ணில் காட்டாத வீட்டிலும் இப்படி உட்கார முடியாது. மற்ற வீடுகளில் இந்த அரை மணி நேரம் எப்போது கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, நோட்டைப் புரட்டுவதுதான். மூன்று மாதம் தொடர்ந்து ஒருவருடைய செலவு மட்டுமே பேசப்பட்டிருந்தால், அங்கே கூட்டம் நடக்கவில்லை, விசாரணை நடந்திருக்கிறது. அடுத்த மாதம் நோட்டை மற்றவர் கையில் கொடுத்து, அவரையே முதலில் பேசச் சொல்லுங்கள்.

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பெற்றவர்கள் பணம் பற்றிய விதி. அதை ஆண்டுக்கு ஒரு தடவை என்று வைத்தது சரியா, மருத்துவச் செலவு திடீரென்று ஏறினால் என்ன செய்வது, உங்கள் வீட்டில் இதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்