குடியை நிறுத்துவதற்கும் வைத்தியம் வேண்டும்

“ஆண்பிள்ளையாக இருந்தால் இன்றோடு நிறுத்து!” குடிக்கிற தொழிலாளியிடம் மனைவி சொல்கிறாள், தாய் சொல்கிறாள், ஊர்ப் பெரியவர் சொல்கிறார். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் சொல்தான் இது. ஆனால் ஒருவகைக் குடியாளர்களுக்கு இந்தச் சொல்லே ஆபத்தாக முடியக்கூடும். அவர்கள் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உயிரே போகலாம்.

யார் அந்த வகையினர்? சம்பள நாளன்றோ திருவிழாவிலோ குடிப்பவர் அல்ல. அவர் நாளைக்கே நிறுத்தலாம். உடம்புக்கு ஒன்றும் வராது. நாம் சொல்வது, ஆண்டுக்கணக்கில் ஒரு நாள் விடாமல் நிறையக் குடிப்பவரைப்பற்றி. அவரை அடையாளம் காண்பது சுலபம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. இந்தக் காலை நடுக்கம்தான் முதல் எச்சரிக்கை. முன்பு ஒரு தடவை குடியை நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஏன் இப்படி நேருகிறது?

மூளையைத் தட்டி எழுப்பும் இரசாயனப் பொருள்களும் உண்டு. அடக்கி அமைதிப்படுத்தும் பொருள்களும் உண்டு. இரண்டும் சமமாக இருக்கிறவரை மனிதன் நிதானமாக இருக்கிறான். சாராயம் அடக்கும் பக்கத்துக்குப் பலம் கூட்டுகிறது, எழுப்பும் பக்கத்தை அமுக்குகிறது. தினந்தோறும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருப்பதில்லை. அமுக்கத்தை எதிர்த்து வேலை செய்ய, எழுப்பும் பக்கத்தைப் பெருக்கிக்கொள்கிறது.

பாரவண்டியை மேட்டில் இழுக்கும் மாட்டை நினைத்துப் பாருங்கள். பாரம் ஏற ஏற மாடு முழுப் பலத்தையும் போட்டு முன்னே சாய்கிறது. அந்த நேரத்தில் பூட்டுக்கயிறு அறுந்தால் என்ன ஆகும்? மாடு தலைகுப்புற விழும். திடீரென்று சாராயத்தை நிறுத்தும்போது மூளைக்கு நேர்வதும் இதுதான். பாரம் போய்விட்டது, இழுத்த வேகம் போகவில்லை. நடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்த வேகத்தின் விளைவுகளே. மன உறுதி இல்லாததால் வருபவை அல்ல.

சத்துக் குறைவால்தான் இவை வருகின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1955இல் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய சக டாக்டர்களும் அமெரிக்காவில், லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரியில் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கைதிகளுக்கு நல்ல உணவு கொடுத்து, வாரக்கணக்கில் சாராயமும் கொடுத்தார்கள். பிறகு திடீரென்று நிறுத்தினார்கள். 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்த ஆறு பேரில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்குப் புத்தி தடுமாறியது. கைதிகளின் உடம்பில் நடத்திய இத்தகைய சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அது காட்டிய உண்மை நிற்கிறது: வயிறார உண்டவனுக்கும் திடீர் நிறுத்தம் ஆபத்தே.

நாலு நாள் கணக்கு

ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது 45. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினம் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறார். மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவோடு குடியை நிறுத்தி, மறுநாள் காலை கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை காலையிலேயே கை நடுங்குகிறது. உடம்பெல்லாம் வியர்வை, குமட்டல், நெஞ்சு படபடப்பு. கடைசிக் குடி முடிந்து ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இவை தொடங்கிவிடும். அன்றிரவு தூக்கம் இல்லை. “ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்” என்கிறார்கள் வீட்டார். பலருக்கு நோய் இந்த அளவோடு தணிந்துவிடுவதும் உண்மைதான். ஆனால் யாருக்குத் தணியும், யாருக்கு முற்றும் என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், வாசலில் நின்றவர் அப்படியே சாய்கிறார். கைகால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். அதனால் வலிப்பு நிற்காது. அது தானாகவே நின்றது. முதல் இரண்டு நாளுக்குள் வரும் இந்த வலிப்பு, பின்னால் வரப்போகும் பெரிய ஆபத்துக்கு முன்னறிவிப்பு. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால், “நின்றுவிட்டதே, படுக்க வையுங்கள்” என்று விட்டுவிடுகிறார்கள்.

புதன்கிழமை இரவு நிலைமை முற்றுகிறது. சுவரில் பூச்சி ஊருகிறது என்கிறார். இல்லாத ரிங் பிரேமில் அறுந்த நூலைப் பிணைப்பதுபோல் விரல்களை அசைக்கிறார். மனைவியை யாரென்று கேட்கிறார். பகலா இரவா என்று தெரியவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, நாடி பறக்கிறது. இதைத்தான் குடி ஜன்னி என்று சொல்ல வேண்டும். 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில டாக்டர் இதற்கு டிலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் நிறுத்திய 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில் இது தொடங்குகிறது.

நம் ஊர்களில் இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது? காத்துக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அல்லது பைத்தியம் என்று கட்டிலோடு கட்டிப் போடுகிறார்கள். கட்டப்பட்டவர் திமிறுகிறார்; திமிறத் திமிறச் சூடு ஏறுகிறது, உடம்பின் நீரும் உப்பும் வற்றுகின்றன, இருதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. சாவு வருவது இந்த வழியாகத்தான். நல்ல சிகிச்சை இல்லாத காலத்தில், இந்த ஜன்னி கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை இறந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இன்று உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இறப்பதில்லை. இந்த வேறுபாடுதான் நம் கட்சி.

என்ன சிகிச்சை?

சிகிச்சையின் தத்துவம் எளியது: அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறொரு கயிறு போட்டு, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகள் மூளையின் அடக்கும் பக்கத்துக்குப் பலம் தருகின்றன. முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். ஈரல் கெட்டவருக்கு லோராஸெபாம் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கூடவே தயாமின் என்ற வைட்டமின் பி-1 ஊசி போடுவார்கள். நீண்ட நாள் குடித்தவரின் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். இந்த ஊசி இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

இந்த மாத்திரைகளை மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் கொடுக்கலாமா? கூடாது. அளவு ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரையும் போட்டு, மேலே சாராயமும் குடித்தால் மூச்சே அடங்கிப்போகும். அதேபோல, பிதற்றுகிறவரின் வாயில் சாராயத்தை ஊற்றுவதும் தவறு. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? காலை நடுக்கம் உள்ளவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மறைக்காமல் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கும் வரை ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். வலிப்பு, புத்தி தடுமாற்றம், இல்லாததைக் காண்பது, கடும் ஜுரம், இந்த நான்கில் எது வந்தாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். கால் முறிந்தோ வேறு நோயாலோ ஆஸ்பத்திரியில் படுத்தாலும் குடிப்பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கும் குடி திடீரென்றுதானே நிற்கிறது!

2020 கற்பித்த பாடம்

ஒரு மனிதனின் சபதத்தால் வரும் இந்த ஆபத்து, சர்க்காரின் ஓர் உத்தரவால் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் வந்ததையும் நாம் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது; மதுக்கடைகள் மூடப்பட்டன. கேரளத்தில் குடி கிடைக்காத தவிப்பில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். மார்ச் 30இல் அந்த மாநில சர்க்கார், டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று உத்தரவிட்டது. டாக்டர்களின் சங்கங்கள் எதிர்த்தன; ஏப்ரல் 2இல் கேரள ஹைகோர்ட் அதை நிறுத்திவைத்தது. டாக்டர்கள் சொன்னது சரி: இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, சாராயம் மருந்து அல்ல. ஆனால் கடையை மூடுகிற அதே நாளில் அந்த மருந்தும் படுக்கையும் தயாராக இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு சரி.

தமிழ்நாட்டில் 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் மூலம் சில்லறையில் விற்கிறது. விற்பவனே வரியும் வாங்குகிறான். அப்படியானால் குடிப்பவன் விட முன்வரும்போது அவனைக் காப்பாற்றும் பொறுப்பும் அவனுடையது அல்லவா? தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இதற்கென்று படுக்கையும், தயாமின் ஊசியும், பயிற்சி பெற்ற டாக்டரும் நர்சும் வேண்டும். போலீஸ் லாக்கப்பில் அடைக்கப்பட்டவன் நடுங்கினால் நடிக்கிறான் என்று உதைப்பதை விட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நிறுத்துவதற்காக ஒரு வாரம் படுக்கும் தொழிலாளிக்கு அது நோய் விடுமுறையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆப்சென்ட் போட்டுச் சம்பளத்தை வெட்டினால் எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்தி, தவிப்புத் தாங்காமல் மறுபடி குடித்து, மறுபடி நிறுத்துகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் நோய் முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். ஆகவே, “போன வருஷம் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பது தைரியத்துக்கு ஆதாரம் ஆகாது. பக்கத்து வீட்டுத் தோழர் குடியை விடப்போகிறேன் என்று சொன்னால், அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கயிறு பிறகு கட்டிக்கொள்ளலாம்.