ரெடிமிக்ஸ் லாரி லேட்டானா என்ன ஆகும்? சின்ன வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டிய நேரக் கணக்கு

800 சதுர அடி வீட்டுக்கு மேல்தளம் போட ரெடிமிக்ஸா, சைட்டிலேயே மிஷின் வைத்துக் கலப்பதா? பெரும்பாலும் பேச்சு விலையில்தான் முடிகிறது. ஆனால் சென்னை மாதிரி நகரத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு: பிளான்ட்டில் இருந்து லாரி வந்து சேர எவ்வளவு நேரம்?

ஏனென்றால் கான்கிரீட்டின் கடிகாரம் பிளான்ட்டிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 4926, லாரியில் ஏற்றியதில் இருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை டெலிவரி செய்துவிட வேண்டும் என்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம். அதையும் ஆர்டர் கொடுக்கும்போதே பேசியிருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 800 சதுர அடி, 5 இன்ச் கனம் என்றால் தளத்துக்கு மட்டும் சுமார் 9.5 கன மீட்டர். பீமையும் சேர்த்தால் 12-ஐத் தொடும், அதாவது 6 கன மீட்டர் லாரி இரண்டு. முதல் லாரி 10 மணிக்குக் காலியாகிறது. இரண்டாவது டிராஃபிக்கில் மாட்டி 12 மணிக்கு வருகிறது. அதற்குள் மே மாத வெயிலில் முதலில் போட்ட ஓரம் இறுக ஆரம்பித்திருக்கும். புதுக் கலவை அதோடு ஒட்டாமல் உண்டாகும் கோடுதான் கோல்டு ஜாயின்ட். மழைக்காலத்தில் ஒழுகத் தொடங்குவது பல நேரம் அந்தக் கோட்டில்தான்.

கண்டுபிடிப்பது எளிது. பழைய ஓரத்தில் வைப்ரேட்டர் ஊசியை வைத்தால் தன் எடையிலேயே இறங்கி, எடுத்ததும் குழி மூட வேண்டும். அப்படி நடந்தால் பிரச்சினை இல்லை. இறங்கவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு, எங்கே ஜாயின்ட் விடலாம் என்று இன்ஜினியரிடம் கேட்பதே சரி.

லேட்டான லாரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கலவை கெட்டியாகிவிட்டதால் பம்ப் இழுக்காது. உடனே, "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று ஒரு குரல் வரும். ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என வைத்துக்கொண்டால் விகிதம் 0.50. லாரிக்குள் 100 லிட்டர் ஊற்றினால் அது 0.55-ஐத் தாண்டிவிடும். பிளான்ட்டில் காசு கொடுத்து வாங்கிய பலம் கேட்டிலேயே குறைந்துவிடுகிறது. சலானில் உள்ள லோடிங் நேரத்தைப் பார்த்து, 2 மணி நேரம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பும் துணிச்சல் வீட்டுக்காரருக்கு வேண்டும்.

சைட் மிக்ஸில் இந்தத் தாமதம் கிடையாது. மிஷினில் இருந்து தளத்துக்குச் சில நிமிடம்தான். ஆனால் அங்கே தண்ணீர் கண் அளவில்தான் விழுகிறது. 1:1.5:3 விகிதத்தில் வரும் எம்20 கலவைக்கு, ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்பது ஐஎஸ் 456 விதி. ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் இதில் அடக்கம். பக்கெட்டை எண்ணி ஊற்றும் மேஸ்திரி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்!

ஆகவே அஸ்திவாரம், தூண் போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு, ஆள் நின்று அளந்து ஊற்றும் சைட் மிக்ஸே போதும். தளத்துக்கு ரெடிமிக்ஸ் நல்லது. ஆனால் பிளான்ட் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், தெருவுக்குள் லாரி நுழைய வேண்டும், முதல் லாரி காலியாகும் முன்பே இரண்டாவது வாசலில் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், தளத்துக்கும் மிஷின் கலவையே மேல்.